'டேட்டா உங்களுக்கே சொந்தம்'னு அக்ரிமென்ட்ல இருந்தா போதுமா?

"கோயம்புத்தூர்ல பம்ப்செட் ஸ்பேர் பார்ட்ஸ் டிஸ்ட்ரிபியூஷன் பண்றோம்ங்க, பிரைவேட் லிமிடெட். பில்லிங், ஸ்டாக், அக்கவுன்ட்ஸ் மூணும் சேர்ந்த கிளவுட் சாஃப்ட்வேர் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கோம், வருஷத்துக்கு 84,000 ப்ளஸ் ஜிஎஸ்டி. அக்ரிமென்ட்ல 'கஸ்டமர் டேட்டா கஸ்டமருக்கே சொந்தம்'னு தெளிவா போட்டிருக்காங்க. பணம் லேட்டானா சஸ்பெண்ட் பண்ணுவாங்களாம். இதுல நாங்க பயப்பட ஏதாச்சும் இருக்காங்ண்ணா?"

இருக்குங்க. ஆனா பயப்பட வேண்டியது அந்த ஓனர்ஷிப் வரியப் பார்த்து இல்ல. அந்த வரி அனேகமா எல்லா அக்ரிமென்ட்லயும் இருக்கும், அதப் போடறதுல வெண்டருக்கு ஒரு நஷ்டமும் கெடையாது. நான் கம்பெனிகளுக்கு பழைய சாஃப்ட்வேர்ல இருந்து புதுசுக்கு டேட்டா மாத்திக் கொடுக்குற வேலைதான் பல வருஷமா பண்றேன், டேட்டா கெடைக்காம மாட்டிக்கிட்டவங்க அக்ரிமென்ட எடுத்துப் பார்த்தா அத்தனையிலயும் 'டேட்டா உங்களோடது'ங்கற வரி இருந்துச்சு. அவங்க மாட்டினது வேற மூணு எடத்துல. சஸ்பென்ஷன் பத்தின க்ளாஸ் ஒரு பக்கம், எக்ஸ்போர்ட் பத்தினது அஞ்சு பக்கம் தள்ளி, டெர்மினேஷனுக்கு அப்புறம் டேட்டாவ அழிக்கிறது பத்தினது கடைசியில. தனித்தனியா படிச்சா மூணுமே நியாயமாத்தான் தெரியும். மூணையும் ஒரே காலண்டர்ல போட்டுப் பார்த்தாத்தான் விஷயம் புரியும், அதனால மொதல்ல அதையே போட்டுக் காட்டுறேன்.

உங்க தொகையையே எடுத்துக்குவோம். 84,000, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 15,120, மொத்தம் 99,120. ஏப்ரல் 1 இன்வாய்ஸ் வருது, 15 நாள் டைம். உங்க ஆடிட்டர் இதுக்கு டிடிஎஸ் பிடிக்கணும்னு சொல்றாருன்னு வெச்சுக்கங்க, 10 சதவீதம்னா 8,400. ஜிஎஸ்டிய விட்டுட்டு அடிப்படைத் தொகை மேல மட்டும்தான் பிடிப்பாங்க, அதனால நீங்க பேங்க்ல அனுப்புறது 90,720. கணக்குப்படி நீங்க முழுசா கட்டிட்டீங்க. ஆனா வெண்டரோட பில்லிங் சிஸ்டம் தானா ஓடறது, அதுக்கு 8,400 பாக்கின்னுதான் தெரியும். ஏப்ரல் 16 தாண்டுனதும் ஓவர்டியூன்னு மார்க் ஆயிடும், ரிமைண்டர் மெயில் போகும். எங்க போகும்? அக்கவுன்ட் தொடங்குனப்ப கொடுத்த மெயிலுக்கு. அது அஞ்சு மாசம் முன்னாடி வேலைய விட்டுப் போன உங்க அக்கவுன்டன்ட் பையனோட மெயிலா இருக்கும், இது நான் கற்பனையா சொல்லலீங்க, நான் பார்த்த கேஸ்ல பாதிக்கு மேல மெயில் போய்ச் சேர்ந்த எடம் இப்படித்தான் இருந்துச்சு.

7 நாள் நோட்டீஸ் முடிஞ்சு ஏப்ரல் 23 சஸ்பெண்ட். லாகின் பண்ணா ஒரே ஒரு ஸ்கிரீன்தான் வரும், பாக்கியக் கட்டுங்கன்னு. ஏப்ரல் மாச விற்பனைக்கு ஜிஎஸ்டிஆர்-1 மே 11க்குள்ள போடணும், 3பி மே 20க்குள்ள, ரெண்டுக்கும் வேண்டிய கணக்கு அந்த ஸ்கிரீனுக்குப் பின்னாடி இருக்கு. அடுத்த க்ளாஸ் என்ன சொல்லும்னா, சஸ்பென்ஷன் 30 நாள் நீடிச்சா வெண்டர் ஒப்பந்தத்தையே முடிச்சுக்கலாம்னு. அது மே 23. அதுக்கடுத்த க்ளாஸ், ஒப்பந்தம் முடிஞ்சு 30 நாள் கழிச்சு டேட்டாவ அழிச்சிடலாம்னு. அது ஜூன் 22. இன்வாய்ஸ் வந்த நாள்ல இருந்து 82 நாள். 8,400 ரூபா, அதுவும் கவர்ன்மென்ட்டுக்குக் கட்டுன பணம், அதுக்காக உங்க அத்தனை வருஷக் கணக்கும் போகலாம், இதுல எந்த எடத்துலயும் வெண்டர் ஒப்பந்தத்த மீறவே இல்ல. 'டேட்டா உங்களோடது'ங்கற வரியும் கடைசி நாள் வரைக்கும் உண்மையாவே இருந்துச்சு.

நடைமுறையில பெரும்பாலும் நடுவுல யாராச்சும் போன் பண்ணி சரி பண்ணிடுவாங்க, ஜூன் 22 வரைக்கும் போறது அபூர்வம். ஆனா மே 11க்கு முன்னாடி சரியாகாம, ரிட்டர்ன் லேட்டாகி, உங்க கஸ்டமர் 'எங்களுக்கு இன்புட் கிரெடிட் வரலயே'ன்னு சத்தம் போடறது அபூர்வம் இல்ல.

பணம் லேட்டாகறதுக்கு டிடிஎஸ் தவிர இன்னொரு காரணத்தையும் சொல்லிடுறேன், ஏன்னா நெறைய பேரு 'நாங்கதான் ஒழுங்கா கட்டுறோமே'ன்னு இந்த க்ளாஸ படிக்காம விட்டுடுறாங்க. கார்டுல ஆட்டோ டெபிட் போட்டு வெச்சிருப்பீங்க. ரிசர்வ் பேங்க் விதிப்படி இந்த மாதிரி தானா பிடிக்கிற பேமென்ட் 15,000 ரூபாய்க்கு மேல போனா ஒவ்வொரு தடவையும் நீங்க ஓடிபி மாதிரி ஒரு உறுதி கொடுக்கணும், இல்லாட்டி போகாது. மாசம் 7,000 கட்டுறவங்களுக்கு பிரச்சினை இல்ல, வருஷத்துக்கு ஒரேடியா 99,120 கட்டுறவங்களுக்கு ஆட்டோ டெபிட்னு ஒண்ணு கிட்டத்தட்ட இல்லைன்னே வெச்சுக்கணும். பேங்க் முன்கூட்டி அனுப்புற மெசேஜ யாரும் பாக்கலன்னா பேமென்ட் ஃபெயில், நீங்க கட்டியாச்சுன்னு நெனச்சுட்டு இருப்பீங்க.

இப்ப ஓனர்ஷிப் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா அங்கயும் ஒண்ணு இருக்கு. பணம் பாக்கி இருந்தா டேட்டாவப் பிடிச்சு வெச்சுக்க வெண்டருக்கு சட்டப்படி உரிமை இருக்கான்னு ஒரு கேள்வி. மெக்கானிக் கிட்ட மோட்டார் ரிப்பேருக்குக் கொடுத்தா கூலி கொடுக்குற வரைக்கும் அவரு மோட்டார வெச்சுக்கலாம், நம்ம 1872 காண்ட்ராக்ட் சட்டத்துல 170வது பிரிவு அதுதான், லீன்னு சொல்லுவாங்க. ஆனா அந்தப் பிரிவு பேசறது பொருளப் பத்தி, ஒருத்தர் கையில ஒப்படைச்ச சரக்கப் பத்தி. டேட்டா அப்படிப்பட்ட சரக்கா? இதே கேள்வி இங்கிலாந்துல கோர்ட்டுக்குப் போச்சு. யுவர் ரெஸ்பான்ஸ்னு ஒரு கம்பெனி, டேட்டாடீம்ங்கற பத்திரிகைக் கம்பெனியோட சந்தாதாரர் டேட்டாபேஸ பராமரிச்சுக்கிட்டு இருந்தாங்க. உறவு முறிஞ்சப்ப, பாக்கி ஃபீஸக் கொடுத்தாத்தான் டேட்டாபேஸத் தருவோம்னுட்டாங்க. 2014ல அங்க இருக்கற அப்பீல் கோர்ட், டேட்டாபேஸ் கையில பிடிக்கிற பொருள் இல்ல, அதனால அது மேல இந்த மாதிரி லீன் உரிமை கெடையாதுன்னு தீர்ப்பு சொன்னாங்க. நம்ம கோர்ட்ட அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனா வக்கீலுங்க எடுத்துக்காட்டலாம்.

அப்ப நமக்குப் பிரச்சினை இல்லையேன்னு தோணும். அங்கதான் கவனிக்கணும். சட்டம் கொடுக்காத அந்தப் பிடிய அக்ரிமென்ட்ல இருக்கற சஸ்பென்ஷன் க்ளாஸ் கொடுத்துடுது. 'டேட்டாவத் தரமாட்டோம்'னு அதுல எங்கயும் எழுதி இருக்காது, 'சேவைக்கான அணுகலை நிறுத்தி வைக்கலாம்'னுதான் இருக்கும். ஆனா டேட்டாவ எடுக்குற ஒரே வழி அந்த சேவைக்குள்ள இருக்கற எக்ஸ்போர்ட் பட்டன்தான்னா, ரெண்டும் ஒண்ணுதானே? நீங்களே கையெழுத்துப் போட்டு அந்தப் பிடியக் கொடுத்திருக்கீங்க. அதனால உங்க அக்ரிமென்ட்ல நான் கேட்டு வாங்கச் சொல்ற மொதல் விஷயம், மத்தது எதுவும் கெடைக்காட்டியும் பரவால்ல இது மட்டும் வேணும்ங்கறது, இது: சஸ்பெண்ட் ஆன காலத்துலயும், என்ன காரணத்துக்காக சஸ்பெண்ட் பண்ணாலும், டேட்டாவப் பாக்கறதும் எக்ஸ்போர்ட் பண்றதும் தொடரும், புதுசா பில் போடறது மட்டும்தான் நிக்கும். ரீட் ஒன்லின்னு சொல்லுவாங்க.

வெண்டர் பக்கமும் நியாயம் இருக்குங்க, அவங்களும் சர்வர் வாடகை மாசா மாசம் கட்டணும், பணம் கொடுக்காதவங்களுக்கு சும்மா ஓட்ட முடியாது. ஆனா புது பில் போட முடியலன்னாலே எந்த வியாபாரியும் ரெண்டு நாள்ல ஓடி வந்து கட்டிடுவாரு, பழைய கணக்க மூடி வெச்சுத்தான் வசூல் பண்ணணும்னு இல்ல. இதச் சொல்லிக் கேட்டா ஓரளவு நல்ல வெண்டருங்க ஒத்துக்குறாங்க. 'எங்க சிஸ்டத்துல அப்படி வசதி இல்ல'ன்னு சொன்னா, சரி, சஸ்பெண்ட் ஆன 3 வேலை நாளுக்குள்ள முழு எக்ஸ்போர்ட்ட நீங்களே எடுத்து அனுப்புங்கன்னு எழுதி வாங்குங்க, அதுக்கு வசதி எதுவும் வேண்டாம்.

சஸ்பென்ஷன் க்ளாஸ்ல இன்னும் ரெண்டு மூணு மாத்தணும். டிடிஎஸ் பிடிச்ச தொகை கட்டுன தொகையாவே கணக்குன்னு ஒரு வரி வேணும், ஒரே வரி, எந்த வெண்டரும் மறுக்க மாட்டாங்க, நம்ம ஊர்ல இது இல்லாம அக்ரிமென்ட் போடவே கூடாது. வெளிநாட்டு அக்ரிமென்ட்டப் பார்த்து எழுதுன ஃபார்மேட்ல இது விட்டுப்போயிருக்கும், சில சமயம் அதுக்கு நேர்மாறா 'எந்தப் பிடித்தமும் இல்லாம முழுத் தொகையும் கட்டணும்'னு கூட இருக்கும், அது இருந்தா நீங்க டிடிஎஸ்ஸ உங்க கையில இருந்து கட்ட வேண்டியதாயிடும், நல்லா தேடிப் பாருங்க. அடுத்தது, நீங்க எழுத்துல ஆட்சேபம் சொன்ன தொகைக்காக சஸ்பெண்ட் பண்ணக்கூடாது, ஆட்சேபம் இல்லாத பாக்கிய நீங்க கட்டிட்டீங்கன்னா. பயன்படுத்தாத யூசருக்கு எல்லாம் சேர்த்து பில் அனுப்புவாங்க, அதக் கேள்வி கேட்டா சஸ்பெண்ட்னா எப்படி? அப்புறம் நோட்டீஸ். 7 நாள் பத்தாது, 15 நாளாவது வேணும், ரெண்டு மெயிலுக்கு வரணும், அதுல ஒண்ணு ஆள் பேர்ல இல்லாம accounts@ மாதிரி பொது மெயிலா இருக்கட்டும், கூட ஓனர் போனுக்கு ஒரு மெசேஜ். பணம் வந்து சேர்ந்தா எத்தனை மணி நேரத்துல திறக்கணும்ங்கறதும் எழுதணும், 24 மணி நேரம்னு போடுங்க. இது இல்லாம ஒருத்தர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பணம் கட்டி, செவ்வாய்க்கிழமை வரைக்கும் கையால பில் போட்டுக்கிட்டு இருந்தாரு, 'எங்க ஃபைனான்ஸ் டீம் கன்ஃபர்ம் பண்ணணும்'னு பதில்.

இப்ப 'கஸ்டமர் டேட்டா'ன்னா என்னங்கறது. அக்ரிமென்ட்ல முன்பக்கம் டெஃபினிஷன்னு ஒரு பகுதி இருக்கும், அதுல பாருங்க. பெரும்பாலும் 'கஸ்டமர் உள்ளிட்ட தகவல்கள்'னு இருக்கும். உள்ளிட்டதுன்னா நீங்க டைப் பண்ணுனது. உங்க பில் மேல சிஸ்டம் போட்டுக் கொடுத்த ஸ்டாக் மதிப்பு, லெட்ஜர் பேலன்ஸ், போர்ட்டல்ல இருந்து திரும்பி வந்த இ-இன்வாய்ஸ் ஐஆர்என் நம்பர், பில்லோட சேர்த்து ஏத்துன ஸ்கேன் காப்பி, யாரு எப்ப எந்த என்ட்ரிய மாத்துனாங்கங்கற எடிட் லாக், இதெல்லாம் உள்ளிட்டதா? வாதம் பண்ணலாம், ஆனா வெளிய வர்ற நேரத்துல வாதம் பண்ண நேரம் இருக்காது. எடிட் லாக் உங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா நீங்க பிரைவேட் லிமிடெட். 2023 ஏப்ரல் 1ல இருந்து கம்பெனிங்க பயன்படுத்துற அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேர்ல ஆடிட் ட்ரெயில் இருந்தே ஆகணும், உங்க ஆடிட்டர் தன் ரிப்போர்ட்ல அதப் பத்தி எழுதணும். வெளிய வர்றப்ப பில்லு, லெட்ஜர் எல்லாம் கெடைச்சு எடிட் லாக் மட்டும் அங்கயே நின்னு போச்சுன்னா, அந்த வருஷங்களுக்கு உங்க கிட்ட காட்ட ஒண்ணும் இருக்காது. அதனால 'கஸ்டமர் உள்ளிட்டது, அதிலிருந்து சிஸ்டம் உருவாக்கியது, இணைப்புகள், ஆடிட் ட்ரெயில் எல்லாம்'னு டெஃபினிஷன நீட்டிக்கங்க.

அதே பகுதியில வெண்டருக்கு நீங்க கொடுக்குற அனுமதியும் இருக்கும். 'சேவையை வழங்கவும் மேம்படுத்தவும்' உங்க டேட்டாவப் பயன்படுத்தலாம், 'தொகுத்து, அடையாளம் நீக்கிய' டேட்டாவ எப்பவும் வெச்சுக்கலாம்னு. பெரிய மார்க்கெட்ல இது பெரிய விஷயம் இல்ல. ஆனா ஒரு குறிப்பிட்ட இம்பெல்லர் மாடல கோயம்புத்தூர்ல நீங்களும் இன்னொருத்தரும் மட்டும்தான் விக்குறீங்கன்னா, பேர எடுத்துட்டாலும் 'கோயம்புத்தூர்ல இந்த மாடலோட சராசரி விலை'ன்னு வெளிய போனா அது உங்க விலைதான். விலை, மார்ஜின், கஸ்டமர் பட்டியல் மூணும் தொகுத்த டேட்டாவுலயும் வராதுன்னு சேர்க்கச் சொல்லுங்க.

எக்ஸ்போர்ட்தான் எனக்கு நெஞ்சு எரியிற எடம், கொஞ்சம் நீளமா சொல்றேன். அக்ரிமென்ட்ல 'பொதுவாகப் பயன்படும் வடிவத்தில் டேட்டா தரப்படும்'னு இருக்கும். பிடிஎஃப்பும் பொதுவாப் பயன்படுற வடிவம்தான். ஈரோட்டுல ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்கு நான் டேட்டா மாத்தப் போனப்ப அவங்க வெண்டர் கொடுத்தது சிஎஸ்வி ஃபைல்தான், கேட்டதுமே கொடுத்துட்டாங்க, சந்தோஷமா இருந்துச்சு. பில் தலைப்பு ஒரு ஃபைல், பில்லுக்குள்ள இருக்கற ஐட்டம் வரிகள் இன்னொரு ஃபைல். ரெண்டையும் இணைக்கிற நம்பர் என்னன்னு பார்த்தா பில் நம்பர் மட்டும்தான் இருக்கு, சிஸ்டத்துக்குள்ள இருக்கற ஐடிய எடுத்துட்டாங்க. அவங்க கடையில ஒவ்வொரு ஏப்ரல் 1க்கும் பில் நம்பர் 1ல இருந்து தொடங்குது, முன்னாடி வருஷத்தக் குறிக்கிற எழுத்து எதுவும் கெடையாது. நாலு வருஷ டேட்டாவுல 245ங்கற பில் நாலு இருக்கு, ஐட்டம் ஃபைல்ல 245க்குக் கீழ நாலு பில்லோட வரிகளும் கலந்து கெடக்கு, அந்த ஃபைல்ல தேதியும் இல்ல. 245ல எந்த வரி எந்த வருஷத்துதுன்னு கண்டுபிடிக்க, ஒவ்வொரு பில் மொத்தத்துக்கும் எந்த வரிகளக் கூட்டுனா சரியா வருதுன்னு கூட்டிக் கூட்டிப் பார்த்தோம். மூணு வாரம். முடியாத பில்லுங்கள பழைய பேப்பர் கட்டுல தேடுனோம். வெண்டர் ஒப்பந்தப்படி டேட்டா கொடுத்தாச்சு, யார் மேலயும் கேஸ் போட முடியாது.

அதனால எக்ஸ்போர்ட் க்ளாஸ்ல எழுத வேண்டியது வடிவத்தோட பேர் மட்டும் இல்ல. எல்லா டேபிளும் வரணும், டேபிளுங்கள இணைக்கிற ஐடியோட வரணும், எந்த நெடுவரிசை என்னன்னு விளக்குற ஒரு குறிப்பு கூட வரணும், இணைப்பு ஃபைலுங்க எந்த பில்லோடதுன்னு தெரியணும். வெண்டர் டேட்டாபேஸையே அப்படியே டம்ப் எடுத்துக் கொடுக்க ஒத்துக்கிட்டா ரொம்ப நல்லது, ஆனா ஒரே டேட்டாபேஸ்ல பல கஸ்டமர வெச்சிருக்கவங்களால அது முடியாது, அத வற்புறுத்த வேண்டாம்.

எக்ஸ்போர்ட் சரியா இருக்கான்னு நீங்களே பாக்கலாம், ப்ரோகிராமர் வேண்டாம். சிஎஸ்விய டபுள் க்ளிக் பண்ணி எக்ஸெல்ல திறக்காதீங்க, மொதல்ல அதச் சொல்லிடுறேன். அப்படித் திறந்தா 0045ங்கற ஐட்டம் கோடு 45 ஆயிடும், 3-12ங்கற பார்ட் நம்பர் தேதியா மாறிடும், 12 இலக்க இ-வே பில் நம்பர் 1.23E+11னு தெரியும், அந்த நிலையில நீங்க சேவ் பண்ணுனா ஃபைல்லயும் அப்படியே பதிஞ்சு போயிடும், தமிழ்ல இருக்கற கஸ்டமர் பேரெல்லாம் புரியாத குறியா வரலாம். எக்ஸெல்ல டேட்டா மெனுவுக்குப் போயி டெக்ஸ்ட் ஃபைல்ல இருந்து எடுக்கற வழியா, எல்லா நெடுவரிசையையும் டெக்ஸ்ட்னு சொல்லி, யூடிஎஃப்-8 தேர்வு பண்ணி ஏத்துங்க. அப்புறம் பில் தலைப்பு `invoices`ங்கற ஷீட்ல, பில் ஐடி ரெண்டு ஷீட்லயும் ஏ நெடுவரிசையில இருக்குன்னா, ஐட்டம் வரிகள் இருக்கற ஷீட்ல பக்கத்துல ஒரு காலி நெடுவரிசையில 2வது வரியில இத போட்டுக் கீழ வரைக்கும் இழுங்க:

```
=COUNTIF(invoices!A:A, A2)
```

எல்லா வரியிலயும் 1 வரணும். 0 வந்தா அந்த ஐட்டம் வரிக்குத் தலைப்பு பில்லே வரல. 2, 3ன்னு வந்தா ஈரோட்டுல எனக்கு வந்த அதே நோய். அடுத்தது ஏதாவது ஒரு பழைய மாசத்த எடுத்து, எக்ஸ்போர்ட்ல இருக்கற ஐட்டங்களோட ஜிஎஸ்டி சேராத மதிப்பக் கூட்டி, நீங்க அந்த மாசம் போட்ட ஜிஎஸ்டிஆர்-1 மொத்தத்தோட ஒப்பிடுங்க. கிரெடிட் நோட்டக் கழிச்சும் ஒத்து வரலன்னா ஏதோ ஒரு டேபிள் விட்டுப்போயிருக்கு. ரெண்டும் சேர்த்து ஒரு மணி நேர வேலை.

இத எப்ப செய்யணும்னு கேட்டா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி. ட்ரயல் கொடுப்பாங்க இல்லையா, அதுல 20 பில்லு, ரெண்டு கிரெடிட் நோட்டு, தமிழ்ல ரெண்டு கஸ்டமர் பேரு, ஒரு ஸ்கேன் காப்பி, வேணும்னே ஒரு பில்ல திருத்தி வெச்சு, 'எங்களுக்கு முழு எக்ஸ்போர்ட் வேணும், எடுத்துக் காட்டுங்க'ன்னு கேளுங்க. சேல்ஸ் ஆளு திணறுனா அதுவே உங்களுக்குப் பதில்.

காலம் எவ்வளவு வேணும்ங்கறது அடுத்தது. 30 நாள்ல அழிச்சிடுவோம்னு அவங்க எழுதுறாங்க, உங்க கடமை என்னன்னு பாருங்க. ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு வருஷத்துக் கணக்க, அந்த வருஷத்து ஆனுவல் ரிட்டர்ன் போட வேண்டிய கடைசித் தேதியில இருந்து 72 மாசம் வெச்சிருக்கணும். 2024-25க்கு ஆனுவல் ரிட்டர்ன் கெடு 2025 டிசம்பர் 31ன்னா, 2031 டிசம்பர் 31 வரைக்கும். கம்பெனிச் சட்டப்படி 8 வருஷம். அதோட கம்பெனி அக்கவுன்ட்ஸ் விதியில, எலக்ட்ரானிக்கா வெச்சிருக்கற கணக்குக்கு இந்தியாவுல இருக்கற சர்வர்ல தினமும் பேக்கப் இருக்கணும்னு 2022ல மாத்தியிருக்காங்க, கிளவுட்ல வெச்சிருந்தா அந்த வெண்டர் யாரு, எங்க இருக்காங்கங்கற விவரத்த வருஷா வருஷம் ரெஜிஸ்ட்ராருக்குத் தெரிவிக்கணும்ங்கறதும் இருக்கு. சாஃப்ட்வேர் நின்னு போச்சு, வெண்டர் அழிச்சுட்டாங்கன்னு நீங்க டிபார்ட்மென்ட் கிட்ட சொல்லித் தப்பிக்க முடியாது, வெச்சிருக்க வேண்டிய பொறுப்பு உங்களோடது. அதனால டெர்மினேஷனுக்கு அப்புறம் 90 நாள் கேளுங்க, 60க்கு ஒத்துக்கலாம், அத விடக் குறைக்காதீங்க. அழிக்கிறதுக்கு 15 நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும்னும், எக்ஸ்போர்ட் சரியா இருக்குன்னு நீங்க பாத்துச் சொல்ற வரைக்கும் அழிக்கக்கூடாதுன்னும் சேருங்க, பதிலுக்கு நீங்களும் 15 நாளுக்குள்ள பாத்துச் சொல்றதா ஒத்துக்கங்க, அப்பத்தான் அவங்களுக்கும் நியாயம்.

இதெல்லாம் அதிகம்னு வெண்டர் சொன்னா, ஐரோப்பிய யூனியன்ல டேட்டா ஆக்ட்னு ஒரு சட்டம் 2025 செப்டம்பர் 12ல இருந்து நடைமுறைக்கு வந்திருக்கு, மாறிப் போற காலம் முடிஞ்சதும் குறைஞ்சது 30 நாளாவது டேட்டாவ எடுக்க விடணும், 2027 ஜனவரி 12க்கு அப்புறம் வெளிய போறதுக்குன்னு தனியா கட்டணமே வாங்கக்கூடாதுன்னு இருக்கு. அது உங்களுக்குப் பொருந்தாது, நம்ம நாட்டுல வியாபாரக் கணக்குக்கு அந்த மாதிரி சட்டம் இல்ல. ஆனா உங்க வெண்டருக்கு ஐரோப்பாவுல கஸ்டமர் இருந்தா அவங்க அந்த வசதிய அங்க ஏற்கெனவே செஞ்சு கொடுத்திருக்கணும், 'எங்களால முடியாது'ன்னு சொல்ல முடியாது.

முக்கியமா ஒரு சொல்லப் பாருங்க. எக்ஸ்போர்ட் உரிமை 'கஸ்டமர் ஒப்பந்தத்த முடிச்சா'ன்னு இருக்கா, 'எந்தக் காரணத்தால முடிஞ்சாலும்'னு இருக்கா? மொதல் மாதிரி இருந்தா, பணம் பாக்கிக்காக அவங்களா முடிக்கிறப்ப உங்களுக்கு அந்த உரிமை வராது, அதிகம் தேவைப்படுற நேரமே அதுதான். 'பாக்கி முழுசும் செலுத்திய பிறகு'ன்னு ஒரு வார்த்தை எங்கயாச்சும் ஒட்டியிருக்கான்னும் பாருங்க. இங்கிலாந்து கோர்ட் இல்லைன்னு சொன்ன லீன் அந்த ஒரு வார்த்தையில திரும்ப வந்துடும். அத எடுக்கச் சொல்லுங்க, பாக்கிக்கு அவங்க தனியா கேஸ் போடட்டும், அந்த உரிமைய யாரும் பறிக்கல.

உங்க தொகைக்கு வெண்டர் தங்களோட ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட்ல கை வைக்க மாட்டேன்னு சொல்லலாம். அதுக்கு வழி ஆர்டர் ஃபார்ம். விலை, யூசர் எண்ணிக்கை எல்லாம் எழுதுற அந்த ஒரு பக்கத்துல 'சிறப்பு நிபந்தனைகள்'னு அஞ்சாறு வரி சேர்த்து, ஆர்டர் ஃபார்முக்கும் பொது நிபந்தனைக்கும் முரண் வந்தா ஆர்டர் ஃபார்ம்தான் செல்லும்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. சேல்ஸ் ஆளு வாட்ஸ்அப்ல 'அதெல்லாம் டேட்டா எப்ப வேணாலும் குடுப்போம் சார்'னு அனுப்புறத நம்பிடாதீங்க, அக்ரிமென்ட் கடைசியில 'இதுவே முழு ஒப்பந்தம், இதுக்கு முன்னாடி பேசினது எதுவும் செல்லாது'ன்னு ஒரு க்ளாஸ் இருக்கும். நிபந்தனைய எப்ப வேணாலும் வெப்சைட்ல மாத்தலாம்னும் இருக்கும், இந்த அஞ்சாறு வரி மட்டும் உங்க கையெழுத்து இல்லாம மாறாதுன்னு சேர்த்துக்கங்க.

எதுக்குமே ஒத்துக்கல, ஆனா சாஃப்ட்வேர் உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னா, மாசம் ஒருக்கா 3பி போட்ட மறுநாள் முழு எக்ஸ்போர்ட் எடுத்து, மேல சொன்ன ரெண்டு சோதனையும் பண்ணி, ஆபீஸ்ல ஒரு ஹார்ட் டிஸ்க்லயும் வேற ஒரு எடத்துலயும் வைங்க. அப்ப என்ன ஆனாலும் உங்களுக்கு நஷ்டம் அதிகபட்சம் ஒரு மாசக் கணக்குதான், அதையும் பேப்பர் பில்லப் பார்த்துப் போட்டுடலாம். பணத்தயும் வருஷத்துக்கு ஒரேடியா கட்டாம மூணு மாசத்துக்கு ஒருக்கா கட்டுற ப்ளான் கேளுங்க, ரெண்டு மூணாயிரம் கூட வந்தாலும் பரவால்ல, சண்டை வந்தா உங்க பணம் அவங்க கிட்ட முழுசா சிக்கியிருக்காது.

நாளைக்கே ஒரு வேளை சஸ்பெண்ட் ஆயிட்டா, சண்டைய அப்புறம் போடுங்க. பாக்கின்னு அவங்க சொல்ற தொகைய 'ஆட்சேபத்தோட கட்டுறோம், எங்க உரிமைய விட்டுக்கொடுக்கல'ன்னு மெயில் போட்டுக் கட்டுங்க, உள்ள போனதும் மொத வேலையா எக்ஸ்போர்ட், அப்புறம்தான் பில்லிங். டிடிஎஸ்னால வந்த பாக்கின்னா சலான் காப்பிய அந்த மெயில்லயே இணைச்சிடுங்க, டிடிஎஸ் சர்டிஃபிகேட் காலாண்டு முடிஞ்சுதான் வரும், அதுக்குக் காத்திருந்தா மே 11 போயிடும். கோர்ட்டுக்குப் போகலாம், ஆனா அக்ரிமென்ட்ல ஆர்பிட்ரேஷன் பெங்களூர்லயோ வேற ஊர்லயோன்னு இருக்கும், 8,400 ரூபாய்க்கு அங்க ஒரு தடவை போய் வர்ற வக்கீல் செலவே கட்டுபடியாகாது.

அக்ரிமென்ட் காப்பி கையில இருந்தா, கம்பெனி பேரு, உங்க பேரு ரெண்டையும் மறைச்சுட்டு சஸ்பென்ஷன், டெர்மினேஷன், டெஃபினிஷன் மூணு பகுதிய மட்டும் போடுங்க. ஏப்ரல் 1னு வெச்சு உங்க தேதிகளப் போட்டு எந்த நாள்ல என்ன ஆகும்னு எழுதித் தர்றேன்.